சாதாரண தர மாணவரின் வார நேரசூசி: டியூஷனுக்குப் பின் மிஞ்சுவது எத்தனை மணித்தியாலம்?

தவணைப் பரீட்சைப் பெறுபேறு கையில் கிடைத்தவுடன் பெற்றோர் பலர் எடுக்கும் முதல் முடிவு இன்னொரு டியூஷன் வகுப்பில் சேர்ப்பதுதான். பிள்ளை காலையில் பாடசாலை, பின்னேரம் வகுப்பு, இரவில் வீட்டுப்பாடம் என்று ஓடுகிறது. உம்மா பார்க்கும்போதெல்லாம் கையில் கொப்பி இருக்கிறது. ஆனாலும் அடுத்த தவணையிலும் அதே புள்ளிகள்தான் வருகின்றன. பிள்ளைக்கு மூளை இல்லை என்றோ முயற்சி இல்லை என்றோ முடிவு கட்டுவதற்கு முன்னர், அந்தப் பிள்ளையின் ஒரு வாரத்தை மணித்தியாலக் கணக்கில் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். அநேகமான வீடுகளில் கோளாறு அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

இக்கட்டுரை க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் தரம் 10, 11 மாணவர்களைப் பற்றியது. தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு இந்த நேரசூசி பொருந்தாது. அவர்களுக்குத் தூக்கமும் விளையாட்டும் இதைவிடக் கூடுதலாக வேண்டும். உயர்தர மாணவர்களுக்குப் பாடங்கள் குறைவு, ஆழம் கூட. அவர்களுக்கான கணக்கும் வேறு.

முதலில் 168 மணித்தியாலங்களை எழுதுவோம்

ஒரு வாரத்தில் 168 மணித்தியாலங்கள் இருக்கின்றன. நமது பிள்ளைகள் நேரசூசி போடும்போது படிப்பை முதலில் எழுதி, மிஞ்சியதைத் தூக்கத்துக்குக் கொடுக்கிறார்கள். அந்த நேரசூசி மூன்றாம் நாளே உடைந்துவிடும். ஒழுங்கு மறுபக்கமாக இருக்க வேண்டும். மாற்ற முடியாதவை முதலில், படிப்பு கடைசியில்.

கிழக்கு மாகாணத்துக் கரையோர ஊர் ஒன்றில் தரம் 11 இல் கற்கும் மாணவி ஒருவரின் வாரத்தை எடுத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

தூக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் தேவை என்பது வைத்தியர்களின் பொதுவான பரிந்துரை. குறைந்த அளவான 8 ஐ எடுத்தாலே வாரத்துக்கு 56. பாடசாலைக்காகக் காலை 7 மணிக்கு வீட்டை விட்டால் 2 மணிக்குத்தான் திரும்பி வருகிறாள். வெள்ளிக்கிழமை மட்டும் 12 மணிக்கு வந்துவிடுகிறாள். போக்குவரத்தோடு சேர்த்து அது 33. ஐவேளைத் தொழுகை, வுழு, சிறிது குர்ஆன் ஓதல் எல்லாம் சேர்த்து 11. சாப்பாடு, குளிப்பு, உடுப்புக் கழுவுதல், உம்மாவுக்கு அடுப்படியில் கைகொடுத்தல் என்று நாளுக்கு 3 வீதம் 21. குடும்பத்தாரோடு பேசுவதும் சும்மா இருப்பதும் நாளுக்கு ஒன்றரை வீதம் ஏறத்தாழ 11. இதுவரை 132.

மிஞ்சுவது 36 மணித்தியாலங்கள். ஒரு பிள்ளைக்கு இது போதுமான மூலதனம்தான்.

இனி டியூஷனைக் கழிப்போம். இந்த மாணவிக்குக் கணிதம் வாரத்தில் இரண்டு வகுப்புகள். விஞ்ஞானமும் இரண்டு, அதுவும் இரண்டு வேறு ஆசிரியர்களிடம். ஆங்கிலம், வரலாறு, வர்த்தகமும் கணக்கீட்டுக் கல்வியும், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. மொத்தம் எட்டு வகுப்புகள், ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம். வகுப்பில் இருப்பது 16. போய் வருவதற்கும் ஆசிரியர் வரும்வரை காத்திருப்பதற்கும் ஒவ்வொரு வகுப்புக்கும் அரை மணித்தியாலம் வைத்தால் இன்னும் 4. ஆக 20 போய்விட்டது.

பிள்ளையின் சொந்தக் கையில் 16 மணித்தியாலங்கள் இருக்கின்றன என்று தாள் சொல்கிறது. ஆனால் அந்த 16 உம் ஒரே துண்டாக இல்லை. வகுப்புக்குப் போகுமுன் இருபது நிமிடம், மஃரிபுக்கும் வகுப்பிலிருந்து வருவதற்கும் இடையில் பத்து நிமிடம் என்று சிதறிக் கிடக்கிறது. அரை மணித்தியாலத்துக்குக் குறைந்த துண்டுகளை விட்டுவிட்டு எண்ணியபோது உண்மையில் உட்கார்ந்து படிக்கக் கூடியது 10 மணித்தியாலங்கள்தான் தேறியது. பாடசாலை வீட்டுப்பாடமும் எட்டு வகுப்புகளின் செயலட்டைகளும் அதில் 9 மணித்தியாலத்தை விழுங்கிவிடுகின்றன.

மீட்டலுக்கு எஞ்சியது வாரத்துக்கு ஒரு மணித்தியாலம். ஒன்பது பாடங்களுக்கு!

புள்ளிகள் ஏன் அசையவில்லை என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. அந்தப் பிள்ளை வாரம் முழுக்கப் பிறர் விளக்குவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தானாக ஒரு வினாவை எடுத்து, கொப்பியைப் பார்க்காமல் எழுதிப் பார்க்க அவளுக்கு நேரமே இல்லை. பரீட்சை மண்டபத்தில் கேட்கப்படுவதோ அந்த ஒன்றுதான்.

எந்த வகுப்பை நிறுத்துவது?

டியூஷன் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கணித ஆசிரியர் இல்லாமலே தவணை கடந்துபோகும் பாடசாலைகள் நமது பகுதிகளில் இருக்கும்போது அப்படிச் சொல்வது நியாயமுமல்ல. ஆனால் வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் வீட்டில் குறைந்தது ஒரு மணித்தியாலம் சொந்த வேலை இருக்க வேண்டும். வகுப்பு மணித்தியாலங்கள் சொந்தப் படிப்பு மணித்தியாலங்களைத் தாண்டிய வாரத்தில் கேட்டது பாதி வீணாகிறது. இந்தப் பிள்ளையின் வாரத்தில் 16 க்கு 10 என்று கிடக்கிறது.

எதைக் குறைப்பது என்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கே போகிறது என்று பார்த்துத் தீர்மானிக்க முடியாது. கடந்த தவணை விடைத்தாள்களை எடுத்து மேசையில் பரப்ப வேண்டும். புள்ளி போன ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ஓர் அடையாளம் இடச் சொல்லுங்கள். பாடமே விளங்கவில்லை என்றால் "வி". விளங்கும், ஆனால் அந்நேரம் ஞாபகம் வரவில்லை அல்லது எழுதத் தெரியவில்லை என்றால் "ஞா". நேரம் போதவில்லை, வினாவைப் பிழையாக வாசித்தேன் என்றால் "நே". அடையாளத்தைப் பிள்ளையே இட வேண்டும். வாப்பா பக்கத்தில் நின்று அதட்டினால் எல்லாமே "நே" ஆகிவிடும்.

இந்த மூன்றில் டியூஷன் தீர்ப்பது "வி" யை மட்டும்தான். "ஞா" வுக்கு மருந்து மீட்டல். "நே" க்கு மருந்து கடிகாரத்தை வைத்துக் கடந்தகால வினாத்தாள் செய்வது.

நமது மாணவியின் கணித விடைத்தாளில் பெரும்பாலும் "வி" தான். கேத்திரகணித நிறுவல்களில் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே. ஆகவே கணித வகுப்புகள் இரண்டும் ஆங்கில வகுப்பும் இருக்க வேண்டும். விஞ்ஞானத்தில் இரசாயனவியல் பகுதியில் "வி" இருந்தது, மற்றவை "ஞா". அதற்கு ஒரு ஆசிரியர் போதும். இரண்டு ஆசிரியர்கள் ஒரே பாடத்தை வெவ்வேறு ஒழுங்கில் நடத்தும்போது பிள்ளைக்கு இரண்டு கொப்பிகளும் இரு மடங்கு செயலட்டைகளும் சேருகின்றன. விளக்கம் இரு மடங்காவதில்லை. வரலாற்றிலும் தகவல் தொழினுட்பத்திலும் முழுக்க "ஞா". பாடநூலைத் திறந்தால் விளங்குகிறது, மூடினால் எழுத வரவில்லை. அந்த இரண்டு வகுப்புகளும் தேவையில்லை. வர்த்தகத்தில் கணக்கீட்டுப் பகுதிக்கு உதவி வேண்டியிருந்ததால் அதை விட்டுவைத்தோம்.

மூன்று வகுப்புகள் நிற்கின்றன. வகுப்பும் போக்குவரத்துமாக ஏழரை மணித்தியாலங்கள் வீட்டுக்குத் திரும்பி வருகின்றன. அத்தோடு மூன்று வகுப்புகளின் செயலட்டைகளும் இல்லாமல் போவதால் வீட்டுப்பாடச் சுமையும் இறங்குகிறது. கட்டணம் மிச்சமாவது இன்னொரு பக்கம்.

"மற்றப் பிள்ளைகள் எல்லாம் போகிறார்களே, நம்ம பிள்ளை பின்தங்கிவிடாதா?" என்று உம்மாமார் கேட்பது இயல்பு. அதற்கு ஒரு வழி இருக்கிறது. நிறுத்தும் நாளில் வரலாற்றுக் கடந்தகால வினாத்தாளின் 40 பல்தேர்வு வினாக்களைச் செய்யவைத்து, சரியான விடைகளின் எண்ணிக்கையை எழுதி வையுங்கள். ஆறு வாரத்துக்குப் பின்னர் வேறொரு ஆண்டின் வினாத்தாளைக் கொடுங்கள். குறைந்திருந்தால் மீண்டும் வகுப்புக்கு அனுப்பலாம். பயத்தில் எடுக்கும் முடிவைவிட இது நல்லது.

தொழுகை நேரங்களில் நேரசூசியைக் கட்டுதல்

நமது வீடுகளுக்கு நேரசூசி போடுவதில் ஒரு வசதி இருக்கிறது. நாள் ஏற்கனவே ஐந்து இடங்களில் வெட்டப்பட்டிருக்கிறது. இலங்கை பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் தொழுகை நேரங்கள் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. முக்கால் மணித்தியாலத்துக்குள் ஏறி இறங்கும், அவ்வளவுதான். ஆகவே "6.45 க்குப் படி" என்பதைவிட "மஃரிப் தொழுதவுடன் படி" என்பது பிள்ளைக்கு நினைவில் நிற்கும். கடிகாரத்தைப் பார்க்கத் தேவையில்லை, பாங்கு நினைவூட்டும்.

பாடசாலை நாளொன்று இப்படி அமைந்தது.

5.00: எழுந்து சுபஹ் தொழுகை, ஓதல்
5.30 – 6.10: மீட்டல்
7.00 – 2.00: பாடசாலை
2.00 – 2.45: ளுஹர், பகற்சாப்பாடு
2.45 – 3.15: பகல் தூக்கம்
3.30: அஸர், தேநீர்
4.00 – 6.00: திங்கள் கணித வகுப்பு, புதன் விஞ்ஞான வகுப்பு, செவ்வாய், வியாழன் 5.30 வரை மட்டும் சொந்தப் படிப்பு
மஃரிபுக்குப் பின் 6.45 – 7.30: வீட்டுப்பாடம்
இஷா, இராச்சாப்பாடு
8.15 – 9.00: மிச்ச வீட்டுப்பாடம், நாளைய புத்தகப் பையை அடுக்குதல்
9.30: தூக்கம்

தூக்கக் கணக்கைப் பாருங்கள். 9.30 இலிருந்து 5.00 வரை ஏழரை மணித்தியாலம். பகலில் அரை மணித்தியாலம். சேர்த்தால் 8. அந்தப் பகல் தூக்கம், நம்மவர்கள் கைலூலா என்று அறிந்து வைத்திருப்பது, இந்த நேரசூசியில் ஆடம்பரமல்ல. அதை எடுத்துவிட்டால் பிள்ளை கணித வகுப்பில் தூங்கும். அதேநேரம் அரை மணித்தியாலத்தைத் தாண்ட விடவும் கூடாது. ஒன்றரை மணித்தியாலம் பகலில் தூங்கிய பிள்ளைக்கு இரவு 9.30 க்குத் தூக்கம் வராது.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். "சுபஹுக்குப் பின் படித்தால்தான் மனதில் நிற்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். "இரவு பன்னிரண்டு மணிவரை படித்தவன்தான் முன்னேறினான்" என்றும் அதே பெரியவர்களே சொல்வார்கள். இரண்டையும் ஒரே பிள்ளை செய்தால் நாளுக்கு ஐந்து மணித்தியாலத் தூக்கம்தான் மிஞ்சும். பதின்ம வயதில் உடலின் கடிகாரம் இயல்பாகவே பின்னோக்கித் தள்ளிப்போவதால் அவர்களுக்கு இரவில் தாமதித்தே தூக்கம் வரும், காலையில் எழும்புவதும் கஷ்டம். அது சோம்பல் அல்ல. ஆனால் சுபஹும் 7.30 மணிப் பாடசாலையும் நகரப் போவதில்லை. ஆகவே இரவைத்தான் முன்னுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. 9 மணிக்குக் கைத்தொலைபேசி உம்மாவின் அறைக்குப் போய்விட வேண்டும், கூடத்து விளக்கு குறைய வேண்டும், வாப்பாவும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்க வேண்டும். வீடு முழுக்க விழித்திருக்கும்போது பிள்ளையை மட்டும் படுக்கச் சொல்வதில் பயனில்லை.

டியூஷன் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுமத்தில் இரவு பத்து மணிக்குக் குறிப்புகள் அனுப்புவது பிள்ளைகளுக்கு நல்ல சாட்டு. அதை மறுநாள் மஃரிபுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம். ஒரு இரவில் எதுவும் கெட்டுவிடாது.

வாரஇறுதி வேறு மாதிரி. சனிக்கிழமை காலை 8 முதல் 10 வரை கணித வகுப்பு, வீட்டுக்கு வந்து 11 முதல் 12.30 வரை சொந்தப் படிப்பு, பின்னேரம் ஆங்கில வகுப்பு. ஞாயிறு காலை 8 முதல் 11 வரை ஒரு முழு வினாத்தாள், பின்னேரம் வர்த்தக வகுப்பு. அஹதிய்யாவுக்குப் போகும் பிள்ளை அந்த நாளின் வினாத்தாளை வேறு துண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். வெள்ளி ஜும்ஆவிலிருந்து இரவுவரை வகுப்பு எதுவும் இல்லை. வெள்ளி இரவும் சனி இரவும் புத்தகம் திறப்பதில்லை.

கூட்டிப் பார்ப்போம். காலைத் துண்டுகள் திங்கள் முதல் வெள்ளிவரை 3 மணித்தியாலம் 20 நிமிடம். மஃரிபுக்குப் பின்னும் இஷாவுக்குப் பின்னும் ஞாயிறு முதல் வியாழன்வரை ஏழரை மணித்தியாலம். செவ்வாய், வியாழன் பின்னேரங்கள் 3. சனி ஒன்றரை, ஞாயிறு 3. மொத்தம் 18 மணித்தியாலத்துக்குச் சற்று மேல். வகுப்பு மணித்தியாலங்கள் 10. முன்னர் 16 க்கு 10 என்று இருந்தது இப்போது 10 க்கு 18 ஆகியிருக்கிறது.

எந்தத் துண்டில் என்ன செய்வது

துண்டுக்குள் என்ன செய்வது என்பதைப் பிள்ளை அமரும் நேரத்தில் யோசித்தால் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே வகையான வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும்.

காலை 40 நிமிடம் ஞாபகத்துக்கு உரியது. வாசிப்பதற்கு அல்ல. கொப்பியை மூடி வைத்துவிட்டு, நேற்று நடந்த விஞ்ஞானப் பாடத்திலிருந்து ஐந்து விடயங்களை வெற்றுத் தாளில் எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு கொப்பியைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்புப் பேனையால் சேர்க்க வேண்டும். ஒரு பாடத்துக்கு இருபது நிமிடம், ஒரு காலைக்கு இரண்டு பாடங்கள். இப்படியே இஸ்லாம், வரலாறு, தமிழ் இலக்கியம், தகவல் தொழினுட்பம் எல்லாம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது சுற்றி வந்துவிடும்.

திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட மூடிவைத்து நினைவுபடுத்தும்போது கற்றது நீண்டநாள் நிற்கிறது என்பதை ரோடிகர், கார்ப்பிக்கே ஆகிய இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006 இல் வெளியிட்ட பரிசோதனைகளில் தெளிவாகக் காட்டினார்கள். வாசித்த மாணவர்களுக்குத் தமக்குத் தெரியும் என்ற நம்பிக்கை கூடுதலாக இருந்தது, ஒரு வாரத்தின் பின் ஞாபகத்தில் இருந்ததோ குறைவு. "படித்துவிட்டேன் உம்மா" என்று நம் பிள்ளைகள் சொல்வது பொய் அல்ல. வாசித்தது கண்ணுக்குப் பழகிவிட்டதால் அப்படித் தோன்றுகிறது.

மறதிக்கும் ஒரு வேகம் இருக்கிறது. 1885 இல் ஜெர்மனியரான எபிங்காஸ் தன்னிலேயே சோதித்துப் பார்த்துச் சொன்னது, கற்றதில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாட்களிலேயே போய்விடுகிறது, பின்னர் மெதுவாகத்தான் குறைகிறது என்பது. அதனால்தான் முதல் மீட்டல் மறுநாள் காலையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அதே பாடம் சனிக்கிழமை ஒருமுறை, மூன்று வாரத்துக்குப் பின் ஒருமுறை வந்தால் போதும். பரீட்சைக்கு முந்திய மாதத்தில் ஒன்பது பாடங்களையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய அவலம் இருக்காது.

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட துண்டு கடினமான வீட்டுப்பாடத்துக்கு. கணிதச் செயலட்டை இங்கேதான். இஷாவுக்குப் பின் களைப்பு வந்துவிடும், ஆகவே குறிப்பு எழுதுவது, படம் வரைவது, ஒப்படையைச் செம்மையாக எழுதுவது போன்ற கைவேலைகள் அப்போது. இரண்டையும் மாற்றிப் போட்ட பிள்ளைகள்தான் இரவு 11 மணிக்கு ஒரு சமன்பாட்டோடு அழுதுகொண்டிருப்பார்கள்.

ஞாயிறு காலைத் துண்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண தரக் கணிதத்தின் முதலாம் வினாத்தாளுக்கு இரண்டு மணித்தியாலமும் இரண்டாம் வினாத்தாளுக்கு மூன்று மணித்தியாலமும் தரப்படுகிறது. மூன்று மணித்தியாலம் எழும்பாமல் இருந்து எழுதுவது பழக்கம் இல்லாத பிள்ளைக்கு உடலால் முடியாது. முதுகு வலிக்கும், இரண்டாவது மணித்தியாலத்தில் கை தளரும். அதற்காகவே ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாடத்தின் இரண்டாம் வினாத்தாள். ஒரு வாரம் கணிதம், அடுத்த வாரம் விஞ்ஞானம், மூன்றாம் வாரம் வரலாறு அல்லது வர்த்தகம். பிறகு மீண்டும் கணிதம். வினாத்தாளை மேசையில் வைத்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கைத்தொலைபேசியை வெளியே வைத்துச் செய்ய வேண்டும். பாடம் முடியாத பருவத்தில் முழுத்தாள் முடியாது. அப்போது படித்து முடித்த அலகுகளின் வினாக்களை மட்டும் தெரிந்து, அவற்றுக்குரிய அளவு நேரத்தைக் கொடுக்கலாம்.

வினாத்தாளை எழுதியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான வேலை செவ்வாய்க்கிழமை பின்னேரம்தான் நடக்கிறது. புள்ளித்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துத் தானே திருத்தி, முன்பு சொன்ன "வி", "ஞா", "நே" அடையாளத்தை மீண்டும் இட வேண்டும். "வி" வந்த வினாக்களை ஒரு தாளில் எழுதி அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் கேட்க வேண்டும். நூறு பேர் இருக்கும் வகுப்பில் கை தூக்கக் கூச்சம் என்றால், முடிந்தபின் தாளைக் கொடுத்துக் கேட்கலாம். பாடசாலை ஆசிரியரிடம் கேட்பது அதைவிடச் சுலபம், கட்டணமும் இல்லை. வியாழன் பின்னேரம் அதே பிழைகளைத் திரும்பச் செய்து பார்ப்பதற்கு.

உடையும் இடங்கள்

முதல் இரண்டு வாரமும் நேரசூசி அப்படியே நடக்காது. செய்த துண்டுக்குச் சரி அடையாளம் மட்டும் இட்டு வரச் சொல்லுங்கள், ஏச வேண்டாம். இரண்டு வாரத்தின் பின் தாளைப் பார்த்தால் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வெறுமையாக இருப்பது தெரியும். புதன்கிழமை மஃரிபுக்குப் பின் எப்போதும் வெறுமை என்றால், விஞ்ஞான வகுப்பிலிருந்து வந்த பிள்ளைக்குப் பசியும் களைப்பும். அந்தத் துண்டைக் கைவேலைக்கு மாற்றிவிட்டு, கடினமானதை வியாழனுக்குத் தள்ளலாம்.

தவறிய துண்டை அன்றிரவே தூக்கத்தில் இருந்து வெட்டி ஈடுசெய்யக் கூடாது. அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஒரு மணித்தியாலம் எதுவும் எழுதப்படாமல் விடப்பட்டிருக்கிறது. அந்த வாரம் விடுபட்டதில் முக்கியமானது அங்கே போகும். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு அடங்காதது போகட்டும். எதுவும் விடுபடாத வாரத்தில் அந்த நேரமும் பிள்ளைக்கே சொந்தம், கடற்கரைக்குப் போகலாம், பந்து விளையாடலாம்.

தூக்கம் போதவில்லை என்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டமல்ல. விடுமுறை நாளில் விட்டுவிட்டால் சுபஹுக்குப் பின் மீண்டும் படுத்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தூங்குகிறதா, மூன்று தடவை கூப்பிட்டுத்தான் எழும்புகிறதா, தெரிந்த கணக்கில் சில்லறைப் பிழைகள் கூடுகின்றனவா என்று பாருங்கள். இவை தொடர்ந்து இருந்தால் இன்னொரு வகுப்பைக் குறைக்க வேண்டும், அல்லது காலைத் துண்டை விட்டு அரை மணித்தியாலம் கூடுதலாகத் தூங்கவிட வேண்டும். வாரத்தில் மூன்று மணித்தியால மீட்டல் போனாலும் பரவாயில்லை.

வீட்டு வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே 21 மணித்தியாலம் என்று போட்டது ஒரு பெண்பிள்ளையின் கணக்கு. அதே வீட்டில் அவளது தம்பிக்கு அது 14 ஐத் தாண்டாது. பரீட்சை ஆண்டில் இரவுப் பாத்திரங்களைத் தம்பி கழுவினால் அக்காவுக்கு வாரத்தில் இரண்டு மணித்தியாலமாவது கிடைக்கும். தனி அறை இல்லாத வீடுகளில் மஃரிபுக்குப் பின்னான முக்கால் மணித்தியாலத்துக்கு மட்டும் விருந்தினர், தொலைக்காட்சி, சிறுபிள்ளைகளின் சத்தம் மூன்றையும் கட்டுப்படுத்தினாலே பெரிய உதவி.

ரமழானில்

முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் விடுமுறை என்பதால் அந்த மாதத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். 2024 ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச் மாதத்தில் நோன்பு காலத்திலேயே நடந்தது. ஆகவே இது ஓய்வு மாதம் என்று விட்டுவிடவும் முடியாது.

நோன்பில் தூக்கம் இரண்டாகப் பிரிகிறது. தராவீஹ் முடிந்து 10.30 க்குப் படுத்து, சஹருக்காக 3.45 க்கு எழும்பினால் ஐந்தேகால் மணித்தியாலம். சுபஹுக்குப் பின் 5.30 முதல் 8.00 வரை தூங்கினால் இரண்டரை. ஏறத்தாழ 8 க்கு வந்துவிடுகிறது. படிப்பின் பிரதான துண்டு 8.30 முதல் 11.30 வரை, தலை தெளிவாக இருக்கும் நேரத்தில். ளுஹருக்குப் பின் இலகுவான வேலை, அஸருக்குப் பின் எதுவும் வேண்டாம். இஃப்தாருக்குப் பின் படிக்கலாம் என்று திட்டமிடும் பிள்ளைகள் வயிறு நிறைந்த களைப்பில் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

பரீட்சை நோன்பில் வந்தால் மட்டும் இந்த ஒழுங்கு மாறும். பரீட்சை காலையில் ஆரம்பிப்பதால் சுபஹுக்குப் பின் தூங்க முடியாது. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னிருந்தே தராவீஹை வீட்டில் நேரத்தோடு தொழுதுவிட்டு 9 மணிக்குப் படுக்கவும், பகலில் ளுஹருக்குப் பின் ஒரு மணித்தியாலம் தூங்கவும் பழக்கிக்கொள்ள வேண்டும். சஹரில் தேநீர், கோப்பியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கொடுங்கள். பரீட்சை நாளன்று மண்டபத்திலிருந்து வந்த பிள்ளையிடம் "அந்த வினாவுக்கு என்ன எழுதினாய்?" என்று கேட்காமல் முதலில் தூங்கவிடுங்கள். மறுநாள் பாடத்தை அஸருக்குப் பின் ஒன்றரை மணித்தியாலத்தில் ஒருமுறை புரட்டிப் பார்க்க நேரம் இருக்கிறது.